18 ரோல் ஏன் போதாது?

சென்னையில் 18 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் ஓர் அடுக்ககம் எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்த ஒரு பேஸ்மென்ட். ராஃப்ட் எனப்படும் அடித்தளப் பலகையிலிருந்து தரைமட்டம் வரை 2.7 மீட்டர் ஆழம். தரைக்கு மேலும் 300 மில்லிமீட்டர் வரை தார்க் காப்பு ஏற வேண்டும் என்று வரைபடத்தில் எழுதியிருக்கிறது. ஆக, மூட வேண்டிய சுவர் உயரம் 3 மீட்டர், சுற்றளவு 60 மீட்டர், பரப்பு 180 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 1,938 சதுர அடி.

கடையில் கிடைக்கும் தார் ஷீட் ரோல் 1 மீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம். அதாவது 10 சதுர மீட்டர். 180-ஐப் பத்தால் வகுத்தால் 18. ஆகவே 18 ரோலுக்கு ஆர்டர் போகிறது. இந்தக் கட்டடத்துக்கு உண்மையில் 25 ரோல் வேண்டும். இடையில் இருக்கும் அந்த ஏழு ரோல்களின் கதைதான் இந்தக் கட்டுரை. ஏனென்றால் பேஸ்மென்ட் சுவர்களில் ஒழுகல் பல நேரம் மழையில் தொடங்குவதில்லை. பொருள் வாங்கும் சீட்டில் தொடங்குகிறது. வேலை நடுவில் சரக்கு குறைந்தால், இருப்பதை இழுத்து முடித்துவிடப் பார்ப்பது மனித இயல்பு. அப்போது ஷீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஓவர்லாப் சுருங்கும். தார்ப் பூச்சாக இருந்தால் கனம் குறையும். மண் மூடிய பிறகு இரண்டுமே யார் கண்ணிலும் படாது.

முதலில், இந்தக் காப்பு எதை எதிர்த்து நிற்கிறது என்று பார்த்துவிடலாம். சென்னையின் தாழ்வான பகுதிகளில், குறிப்பாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய இடங்களில், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிலத்தடி நீர் தரைக்கு மிக அருகே ஏறிவிடும். சுவருக்கு வெளியே 1 மீட்டர் உயரம் தண்ணீர் நின்றால், அதன் அடிப்பகுதியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு டன் எடைக்குச் சமமான அழுத்தம் விழும். நம் கட்டடத்தில் நீர் தரைமட்டம் வரை ஏறினால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 2.7 டன். ஈர மண் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பது வேறு, தண்ணீர் இப்படி அழுத்திக்கொண்டு நிற்பது வேறு. முன்னதற்கு மெல்லிய தார்ப் பூச்சே போதும். பின்னதற்குப் போதாது.

காப்பை வெளிப்பக்கம் போடச் சொல்வதும் இந்த அழுத்தத்தால்தான். வெளியே ஒட்டிய ஷீட்டைத் தண்ணீர் சுவரோடு சேர்த்து அழுத்தும். அழுத்தம் கூடக் கூட அது சுவரோடு இன்னும் இறுகும். அதே ஷீட்டை உள்பக்கம் ஒட்டினால், சுவர் வழியாக வரும் தண்ணீர் அதைப் பின்னாலிருந்து தள்ளி, குமிழாக்கி, உரித்துவிடும். வெளிப்பக்கம் திறந்திருக்கும் காலம் பள்ளம் தோண்டியதற்கும் மண் நிரப்புவதற்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான். அதன் பிறகு வெளிப்பக்கத்தைத் தொட வேண்டுமானால் கட்டடத்தைச் சுற்றி மறுபடி தோண்ட வேண்டும். மனை எல்லை வரை கட்டிய இடங்களில் அதுவும் முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். 18 ரோல் கணக்கில் முதல் பிழை, ஷீட் முழு அகலத்துக்கும் சுவரை மூடும் என்று எண்ணியது. தார் ஷீட்டுகளை விளிம்போடு விளிம்பு ஒட்டி நிறுத்த முடியாது. ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் பக்கவாட்டில் 100 மில்லிமீட்டர் படிய வேண்டும். நீளத்தின் முடிவில் ஒன்றோடொன்று சேருமிடத்தில் 150 மில்லிமீட்டர் படிய வேண்டும். பிட்டுமென் ஷீட் வேலையில் பரவலாகப் பின்பற்றும் அளவுகள் இவை. ஆக, 1 மீட்டர் அகல ஷீட் சுவரில் 0.9 மீட்டரைத்தான் புதிதாக மூடுகிறது. 10 மீட்டர் நீளம் 9.85 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால் 8.865 சதுர மீட்டர். பத்து என்று விற்கும் ரோல் சுவரில் ஒன்பதுக்கும் குறைவு.

இரண்டாவது பிழை, சுவரின் உயரத்தோடு நிறுத்திக்கொண்டது. ஷீட் சுவரின் அடியில் முடிவதில்லை. ராஃப்ட் பலகை சுவருக்கு வெளியே சிறிது நீட்டிக்கொண்டிருக்கும். ராஃப்டுக்கு அடியில் விரித்த ஷீட் அதன் பக்கவாட்டில் ஏறி அந்த நீட்டலின் மேல் வந்து நிற்கும். சுவரிலிருந்து இறங்கும் ஷீட் அதன்மேல் 200 மில்லிமீட்டர் படிந்து ஒட்ட வேண்டும். பேஸ்மென்டின் அடிப்பக்கக் காப்பும் சுவர்க் காப்பும் கைகோக்கும் இடம் இதுதான். ராஃப்டை முதலில் வார்த்து, சில நாள் கழித்துச் சுவரை வார்ப்பதால், பழைய கான்கிரீட்டும் புதிய கான்கிரீட்டும் சந்திக்கும் மூட்டும் இங்கேதான் இருக்கிறது. பேஸ்மென்ட் ஒழுகினால் தேர்ந்த பொறியாளர்கள் முதலில் பார்ப்பது இந்த வரியைத்தான். ஆகவே உயரம் 3 மீட்டர் இல்லை, 3.2 மீட்டர். பரப்பு 192 சதுர மீட்டர். 8.865-ஆல் வகுத்தால் 21.66, அதாவது 22 ரோல்.

பெரும்பாலான மதிப்பீட்டுத் தாள்கள் இங்கே நின்றுவிடும். மொட்டைமாடி போன்ற அகன்ற சமதளத்துக்கு இந்தக் கணக்கு கிட்டத்தட்டச் சரியாகவே வரும். சுவருக்கு வராது. ஏனென்றால் சுவரில் ரோலை விரிப்பதில்லை, வெட்டித் தொங்கவிடுகிறோம்.

4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு ரோல் ஏறத்தாழ 40 கிலோ எடை இருக்கும். அதைச் சுவரோரம் தூக்கிப் பிடித்தபடி பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது. தேவையான நீளத்துக்குத் துண்டு போட்டு, கேஸ் டார்ச்சால் பின்புறத்தை உருக்கிக்கொண்டே கீழிருந்து மேலாகச் சுவரில் ஏற்றுவார்கள். மேலே கம்பித் தகடு வைத்து ஆணியடித்தோ, சுவரில் வெட்டிய சிறு பள்ளத்தில் சொருகியோ முடிப்பார்கள். அந்த முடிப்புக்கும் கொஞ்சம் நீளம் வேண்டும். 3.2-ஓடு ஒரு பத்து சென்டிமீட்டர் சேர்த்து ஒவ்வொரு துண்டும் 3.3 மீட்டர். இதை இனிப் பட்டை என்று சொல்வோம்.

கேள்வி இப்போது மாறிவிட்டது. எத்தனை சதுர மீட்டர் என்பதல்ல, எத்தனை பட்டை என்பதே கேள்வி. ஒவ்வொரு பட்டையும் 0.9 மீட்டரை மூடுகிறது. 60-ஐ 0.9-ஆல் வகுத்தால் 66.67, ஆகவே 67 பட்டை. ஒரு ரோலில் 3.3 மீட்டர் பட்டை மூன்று வெட்டலாம்; 10 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். 67-ஐ மூன்றால் வகுத்தால் 22.33. அதாவது 23 ரோல். அதில் 2 பட்டை மிச்சம்.

இன்னும் முடியவில்லை. சுவரும் ராஃப்டும் சேரும் உள்மூலையில் ஷீட்டைச் செங்குத்தாக மடக்கக் கூடாது. மடித்த இடத்தில் பின்னால் வெற்றிடம் இருக்கும். மண்ணின் எடை அங்கே ஏறும்போது ஷீட் கிழியும். அதனால் மூலையில் முதலில் சிமென்ட் கலவையால் சாய்வாக ஒரு பட்டி பூசி, கூர்மையை மழுக்குவார்கள். அதன்மேல் சுமார் 300 மில்லிமீட்டர் அகலத்தில் கூடுதல் ஷீட் ஒன்று ஒட்டிய பிறகே முக்கிய ஷீட் வரும். கட்டடத்தின் நான்கு வெளிமூலைகளிலும் அதேபோல ஒரு கூடுதல் துண்டு. ரோலை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் ஒரு ரோலில் 10 மீட்டர் துண்டுகள் மூன்று கிடைக்கும். இரண்டு ரோலில் ஆறு. முனைக்கு 150 மில்லிமீட்டர் ஓவர்லாப் போக இவை 59 மீட்டரைச் சற்றுத் தாண்டும். மீதமிருக்கும் ஒரு மீட்டருக்கும் குறைவான இடத்தையும் நான்கு வெளிமூலைகளையும், முன்பு மிஞ்சிய 2 பட்டைகளை மும்மூன்றாகக் கிழித்து முடித்துவிடலாம். ஆக 23-ஓடு 2 சேர்த்து 25. ஒரு பட்டை கருகினாலோ தவறாக வெட்டப்பட்டாலோ ஈடுகட்ட ஒரு ரோல் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது.

18, 22, 25. மூன்று எண்களும் ஒரே கட்டடத்துக்கு உரியவை. முதலாவது பரப்பை மட்டும் பார்த்தது. இரண்டாவது ஓவர்லாப்பையும் பார்த்தது. மூன்றாவது, வேலையாள் கையில் கத்தியை எடுத்து எப்படி வெட்டுவார் என்று பார்த்தது.

சுவர் கொஞ்சம் உயரமானால் என்ன ஆகும் என்பது இன்னும் சுவாரசியமானது. அதே கட்டடத்தில் பேஸ்மென்ட் 40 சென்டிமீட்டர் ஆழமாகிறது என்று கொள்வோம். பட்டை 3.7 மீட்டர் ஆகிறது. இப்போது ஒரு ரோலில் இரண்டுதான் வெட்ட முடியும், 2.6 மீட்டர் துண்டு மிஞ்சும். 67 பட்டைக்கு 34 ரோல்! சுவர் உயரம் எட்டில் ஒரு பங்குதான் கூடியது, ஆனால் பட்டைக்கான ரோல் 23-லிருந்து 34-க்குத் தாவுகிறது. 34 மிச்சத் துண்டுகளில் மூலைகளுக்குப் போக மீதி வீணாகும்.

இதற்கு ஒரு வழி உண்டு. சுவரை மேல், கீழ் என இரண்டு அடுக்காகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு துண்டும் 1.925 மீட்டர், நடுவில் 150 மில்லிமீட்டர் ஓவர்லாப் போக இரண்டும் சேர்ந்து 3.7. ஒரு ரோலில் ஐந்து துண்டு கிடைக்கும். 134 துண்டுக்கு 27 ரோல். ஏழு ரோல் மிச்சம். நீளமான பட்டை தன் எடையாலேயே மெல்லச் சரியும் அபாயமும் குறையும். உயரமான சுவர்களில் இப்படி அடுக்காகப் போடுவதே வழக்கமும்கூட. ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. கட்டடத்தைச் சுற்றி 60 மீட்டர் நீளத்துக்குப் புதிதாக ஒரு கிடைமட்ட இணைப்பு உருவாகிறது. மேல் அடுக்கு கீழ் அடுக்கின்மேல் படிய வேண்டும். தலைகீழாகப் போட்டால் மண்ணில் இறங்கிவரும் தண்ணீரை அந்த விளிம்பு வாய்திறந்து வாங்கிக்கொள்ளும். மேல் அடுக்கின் செங்குத்து இணைப்புகள் கீழ் அடுக்கின் இணைப்புகளுக்கு நேராக வராமல் தள்ளி அமைய வேண்டும். என் கருத்தில், டார்ச் பிடிப்பவர் தேர்ந்தவராக இருந்தால் இரண்டு அடுக்கு. இல்லையென்றால் வீணானாலும் ஒரே பட்டை.

இணைப்பைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் முதல் கட்டடத்துக்கே திரும்புவோம். 67 பட்டை என்றால் 67 செங்குத்து இணைப்பு, ஒவ்வொன்றும் 3.2 மீட்டர். மொத்தம் 214 மீட்டர். 60 மீட்டர் சுற்றளவுள்ள ஒரு கட்டடத்தின் மண்ணுக்கடியில் 214 மீட்டர் ஒட்டு ஓடுகிறது. ஷீட் தொழிற்சாலையில் செய்த பொருள். நடுவில் நெய்யாத பாலியெஸ்டர் துணி, இருபுறமும் பாலிமர் கலந்த பிட்டுமென். அதன் கனம் எங்கும் ஒன்றே. ஒட்டு மட்டும் பள்ளத்துக்குள் குனிந்து, வெக்கையில், ஒருவர் கையால் செய்வது. தண்ணீர் உள்ளே வருமானால் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

ரோல் போதாதபோது ஓவர்லாப்பை 100-லிருந்து 50 மில்லிமீட்டராகக் குறைப்பதுதான் நடக்கிறது. அதனால் என்ன மிச்சமாகிறது? ஒவ்வொரு பட்டையும் 0.95 மீட்டர் மூடும்; 64 பட்டை போதும்; 22 ரோல். அதாவது மிச்சம் ஒரே ஒரு ரோல். அதற்காக 214 மீட்டர் ஒட்டின் அகலம் பாதியாகிறது. டார்ச் ஓரிடத்தில் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரியாக உருக்காமல் விட்டாலும், 100 மில்லிமீட்டர் ஓவர்லாப்பில் 60 மில்லிமீட்டர் நல்ல ஒட்டு மிஞ்சும். 50 மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது.

நல்ல ஒட்டை அடையாளம் காணப் பொறியாளர் பட்டம் தேவையில்லை. சரியான சூட்டில் அழுத்தி ஒட்டியிருந்தால் மேல் ஷீட்டின் விளிம்பிலிருந்து உருகிய பிட்டுமென் ஒரு மெல்லிய கறுப்புக் கோடாக, சீராக வெளியே வழிந்து உறைந்திருக்கும். அந்தக் கோடு விட்டுவிட்டு இருந்தால், விட்ட இடத்தில் உள்ளே உருகவில்லை. ஆறிய பிறகு, முனை மழுங்கிய சிறு கரண்டியின் நுனியை விளிம்பில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நுனி உள்ளே நுழைந்தால் அந்த இடத்தை மறுபடி சூடாக்க வேண்டும். விளிம்பில் மீன் வாய் போலத் தூக்கிக்கொண்டிருக்கும் சுருக்கத்தைச் சூடு வைத்து அமுக்கி மறைக்கக் கூடாது. வெட்டி நீக்கி, மேலே ஒரு துண்டு ஒட்ட வேண்டும். மூன்று ஷீட்டுகள் ஒரே புள்ளியில் சேருமிடத்தில் நடு ஷீட்டின் முனையைச் சாய்வாக வெட்டிவிடுவது நல்ல வேலையாளின் அடையாளம். வெட்டாவிட்டால் அங்கே சிறு படி ஒன்று உண்டாகி, அதன் கீழே தண்ணீர் ஓடும் வழி அமைந்துவிடும்.

ஒட்டு நன்றாக இருந்தும் ஷீட் சுவரில் பிடிக்காமல் போவதுண்டு. ஈரமே காரணம். ஈரச் சுவரில் டார்ச் காட்டினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி ஷீட்டைக் குமிழாகத் தூக்கும். சுவர் காய்ந்ததா என்று அறிய எளிய சோதனை: ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் தாளின் உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தால் காத்திருக்க வேண்டும். காய்ந்த பிறகு, தளர்ந்த சிமென்டைத் தேய்த்து, பலகை கட்டிய கம்பி ஓட்டைகளையும் ஜல்லி தெரியும் பொத்தல்களையும் கலவையால் அடைத்து, பிரைமர் அடிக்க வேண்டும். பிரைமர் ஒரு லிட்டருக்கு நான்கு சதுர மீட்டர் என்று வைத்தால் 192-க்கு 48 லிட்டர். 20 லிட்டர் வாளி மூன்று.

இனி ஷீட் இல்லாமல், தூரிகையாலோ ரோலராலோ அடிக்கும் தார்ப் பூச்சு. நீரில் கலந்த, ரப்பர் சேர்த்த பிட்டுமென் எமல்ஷன் இப்போது அதிகம் புழங்குகிறது. இதில் ஒட்டே இல்லை. குழாய் நுழையும் இடம், வளைவு, குறுகிய மூலை எல்லாவற்றிலும் எளிதாகப் போகும். ஆனால் ஷீட்டுக்குத் தொழிற்சாலை கொடுத்த கனத்தை இங்கே வேலையாளின் கை கொடுக்க வேண்டும். ஆகவே கணக்கும் வேறு.

ஒப்பந்தத்தில் வழக்கமாக "இரண்டு கோட்" அல்லது "மூன்று கோட்" என்று எழுதுகிறார்கள். கோட்டின் எண்ணிக்கை மட்டும் எதையும் உறுதி செய்யாது. தண்ணீர் ஊற்றி இளக்கி மூன்று முறை அடித்தாலும் மூன்று கோட்தான். எழுத வேண்டியது, காய்ந்த பின் நிற்க வேண்டிய கனம். இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய உண்மை போதும்: ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றிய திரவம் சரியாக ஒரு லிட்டர்.

காய்ந்த பின் 1.2 மில்லிமீட்டர் வேண்டும் என்று கொள்வோம். எமல்ஷனில் நூற்றுக்கு அறுபது பங்குதான் பிட்டுமெனும் ரப்பரும். மீதி தண்ணீர், அது காற்றில் போய்விடும். இந்தப் பங்கு வாளிக்கு வாளி மாறும். பொருளின் தொழில்நுட்பத் தாளில் அச்சிட்டிருப்பார்கள். 1.2-ஐ 0.6-ஆல் வகுத்தால் 2. அதாவது ஈரமாக 2 மில்லிமீட்டர் அடித்தால்தான் காய்ந்து 1.2 நிற்கும். சதுர மீட்டருக்கு 2 லிட்டர். 192 சதுர மீட்டருக்கு 384 லிட்டர். சுவரின் சொரசொரப்பு குடிப்பது, வாளியில் ஒட்டியிருப்பது, கீழே சிந்துவது என்று பத்து சதவீதம் சேர்த்தால் 422 லிட்டர். 20 லிட்டர் வாளி 22.

இதை ஒரே தடவையில் அடிக்க முடியாது. செங்குத்துச் சுவரில் கனமாக அடித்தால் வழியும், மேலே தோல் காய்ந்து உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும், பிறகு வெடிக்கும். ஆகவே முதல் கோட் 0.6, அடுத்த இரண்டும் 0.7 மில்லிமீட்டர் ஈரக் கனம் என்று பிரிக்கலாம். கோட்டின் எண்ணிக்கை இப்படித்தான் பிறக்கிறது: மொத்தக் கனத்தை, வழியாமல் நிற்கும் கனத்தால் வகுப்பது. முதல் கோட்டை இடவலமாக அடித்தால் அடுத்ததை மேல்கீழாக அடிக்க வேண்டும். முதல் தடவை தூரிகை தவறவிட்ட ஊசித்துளைகள் இரண்டாம் தடவை மூடும். ஒரு கோட் கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்கால ஈரக் காற்றில் இதற்கு ஒரு நாள்கூட ஆகும். மழை வரும் போலிருந்தால் எமல்ஷனைத் தொடவே கூடாது. காயும் முன் நனைந்தால் கரைந்து ஓடிவிடும்.

அடித்த கனத்தை அளக்கப் பல்வரிசை போல வெட்டிய ஒரு சிறு தகடு கிடைக்கிறது. ஈரப் பூச்சில் அழுத்தி எடுத்தால் எந்தப் பல் வரை நனைந்திருக்கிறதோ அதுவே கனம். அது இல்லாவிட்டாலும் வீட்டுக்காரர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: காலி வாளிகளை எண்ணுவது. வாளிகளை யாரும் எடுத்துப்போகாமல் ஓரிடத்தில் அடுக்கச் சொல்லுங்கள். 22 காலி வாளி இருக்க வேண்டிய இடத்தில் 15-தான் இருந்தால், 300 லிட்டர். சிந்தியது போகச் சுவரில் சதுர மீட்டருக்கு 1.42 லிட்டர், காய்ந்த கனம் 0.85 மில்லிமீட்டர். சுவர் அப்போதும் கன்னங்கறேலென்றுதான் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

எது வேண்டும், ஷீட்டா பூச்சா? நிலத்தடி நீர் மழைக்காலத்திலும் ராஃப்டுக்குக் கீழேயே இருக்கிறது, மண் மணற்பாங்கானது, நீர் தேங்காமல் வடிந்துவிடுகிறது என்றால் சரியான கனத்தில் அடித்த பூச்சு போதும். மழைக்காலத்தில் சுவரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் என்றால், அல்லது களிமண் என்றால், 4 மில்லிமீட்டர் ஷீட்டுக்கே போக வேண்டும். தெருவில் உள்ள பழைய கிணறு ஒன்றை நவம்பர் மாதத்தில் எட்டிப் பார்ப்பது இதற்கு நல்ல சாட்சி. டப்பாவில் வரும் மெல்லிய கறுப்புப் பெயின்ட் இந்த இரண்டில் எதுவும் இல்லை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே. ஈரக்கசிவை மட்டுப்படுத்தும், நிற்கும் தண்ணீரைத் தடுக்காது. சதுர அடி விலை பாதி என்று சொல்லி ஒருவர் வந்தால், பெரும்பாலும் அவர் சொல்வது இதைத்தான்.

விலையைப் பேசும்போது ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இத்தகைய வேலையில் மூடிய சுவர்ப் பரப்பைத்தான் அளந்து பணம் கொடுப்பது முறை. ஓவர்லாப்பைத் தனியாக அளப்பதில்லை, அது சதுர அடி விலைக்குள் அடங்கும். ஆகவே ஓவர்லாப்பைக் குறைத்தால் லாபம் ஒப்பந்தக்காரருக்கு, நஷ்டம் கட்டடத்துக்கு. ராஃப்ட் நீட்டலும் மூலைத் துண்டுகளும் அந்த விலைக்குள் அடங்குமா, தனியா என்பதை முன்கூட்டியே எழுதிக்கொண்டால், பின்னால் அவற்றை விட்டுவிடும் ஆசை எழாது.

ஷீட்டோ பூச்சோ, முடித்தவுடன் அதன் பெரிய எதிரி வருகிறது: நிரப்பும் மண். லாரியில் வரும் மண்ணில் உடைந்த செங்கல், கான்கிரீட் கட்டி, கம்பித் துண்டு எல்லாம் இருக்கும். மேலிருந்து கொட்டும்போது அவை ஷீட்டைக் கிழித்துக்கொண்டே இறங்கும். சுமார் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் இயற்கைத் தாரை ஏறத்தாழ ஓர் அங்குலக் கனத்துக்குப் பூசினார்கள். அதை வெளியே விடாமல் இரண்டு செங்கல் சுவர்களுக்கு நடுவில் வைத்தார்கள். தாருக்கும் மண்ணுக்கும் இடையே ஏதாவது இருந்தாக வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது. இன்று அதற்குப் பாதுகாப்புப் பலகையோ குமிழ் வைத்த வடிகால் ஷீட்டோ போதும். அதன் பிறகு பொறுக்கிய மண்ணை ஒரு அடி கனத்துக்கு நிரப்பி, இடித்து, அடுத்த அடுக்கு. நிரப்பும் வரை பள்ளத்தில் ஊறும் நீரை இறைக்கும் பம்ப் நிற்கக் கூடாது. வெயிலில் பிட்டுமென் இறுகி வெடிக்கும் என்பதால் மாதக்கணக்கில் திறந்தும் போடக் கூடாது.

இந்தக் காப்பால் முடியாததும் உண்டு. பலவீனமான கான்கிரீட்டை அது பலமாக்காது. சுவர் பின்னாளில் அகலமாக விரிசல் விட்டால் ஷீட்டும் ஓரளவுதான் இழுபடும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் பேஸ்மென்டுகள் நிறைந்தது பெரும்பாலும் சுவர் வழியாக அல்ல. கார் இறங்கும் சாய்தளம் வழியாகத் தெருவெள்ளம் புகுந்ததால். அதற்குச் சாய்தளத்தின் வாயிலில் தெருமட்டத்தைவிட உயர்ந்த ஒரு மேடு வேண்டும். தார் அதற்கு விடையல்ல.

பேஸ்மென்ட் கட்டுபவர்கள், அப்படி ஒரு வீட்டை வாங்கப் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஒப்பந்தக்காரரிடம் முன்பணம் தருவதற்கு முன் இதைக் கேளுங்கள்: ஒரு பட்டையின் நீளம் எவ்வளவு, மொத்தம் எத்தனை பட்டை, ஒரு ரோலில் எத்தனை வெட்டுவீர்கள்? பூச்சு என்றால், சதுர மீட்டருக்கு எத்தனை லிட்டர், காய்ந்த பின் கனம் எவ்வளவு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். வந்திறங்கும் ரோலையும் வாளியையும் அந்தத் தாளை வைத்து எண்ணுங்கள். ஒவ்வொரு சுவரையும் ஓவர்லாப்பில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்த பிறகே மண் கொட்ட அனுமதியுங்கள்.